கரண்ட் போனால் நெட்டும் போகுமா?

*சென்னையில் உள்ள ஒரு கம்பெனிக்கு இன்சூரன்ஸ் கிளைம் சரிபார்க்கும் வேலை செய்கிறேன். வாரத்தில் நாலு நாள் குடியாத்தத்தில் எங்கள் வீட்டிலிருந்துதான் வேலை. ஒன்றரை வருஷமாகப் போன் ஹாட்ஸ்பாட்டிலேயே ஓட்டுகிறேன். தினம் 2 ஜிபி பிளான். மதியம் ஆனால் நெட் செத்துப்போகிறது. மீட்டிங்கில் நான் பேசுவது விட்டுவிட்டுக் கேட்கிறது என்று மேனேஜர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். எங்கள் தெரு கேபிள்காரர் மாதம் 500 ரூபாய்க்கு ஃபைபர் போட்டுத் தருகிறேன் என்கிறார். ஆனால் அதே லைன் வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அக்கா, “கரண்ட் போனா நெட்டும் போயிடும், நம்பாதே” என்கிறார். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. ஃபைபர் எடுக்கலாமா, ஹாட்ஸ்பாட்டே போதுமா?*

*— வாசகி, குடியாத்தம்*

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

ஃபைபர் எடுங்கள். ஆனால் கேபிள்காரர் கையில் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால், அந்த அக்கா வீட்டில் நெட் ஏன் போகிறது என்பதைக் கண்டுபிடித்துவிடுங்கள். அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று ஒன்றுமே இல்லை, இன்னொன்று சரிசெய்யக்கூடியது, மற்றொன்று இருந்தால் அந்த லைனே வேண்டாம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பதினாறு வருஷமாக நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். ஃபைபர் போட்டும் நெட் நிலையாக இல்லை என்று என்னைக் கூப்பிட்ட வீடுகளில் பாதிக்குமேல் வேகத்தில் குறையே இல்லை. கரண்ட்தான் பிரச்சினை.

அதற்குமுன் உங்கள் ஹாட்ஸ்பாட்டைப் பார்த்துவிடலாம். உங்களுக்கு இருப்பது ஒரு தொல்லை இல்லை, இரண்டு. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து வருவதால் ஒன்றுபோலத் தெரிகிறது.

மதியத்தில் நெட் சாவது டவரின் தப்பு இல்லை என்றுதான் நினைக்கிறேன். தினசரி 2 ஜிபி தீர்ந்ததும் சிம் கம்பெனி வேகத்தை 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறக்கிவிடும். வாட்ஸப்பில் எழுத்து மட்டும் போகும், படம் நகராது. முகம் காட்டிப் பேசும் மீட்டிங் ஒரு மணி நேரத்துக்கு அரை ஜிபியிலிருந்து ஒரு ஜிபிக்கு மேல்கூட இழுக்கும். காலையில் ஒரு மீட்டிங், அப்புறம் ஸ்கேன் செய்த ஆஸ்பத்திரி பில்லும் டிஸ்சார்ஜ் சம்மரியும் ஐம்பது அறுபது, நடுவில் உங்களுக்குத் தெரியாமலே லேப்டாப் இறக்கிக்கொள்ளும் விண்டோஸ் அப்டேட். இரண்டு மணிக்குள் 2 ஜிபி தீர்ந்ததில் ஆச்சரியம் இல்லை. இதைச் சோதிப்பது சுலபம். நெட் சாகும் நேரத்தில் போனில் அன்றைய டேட்டா கணக்கைப் பாருங்கள். 2 ஜிபியைத் தொட்டிருந்து, நள்ளிரவு தாண்டியதும் உயிர் வந்தால் அது கோட்டாதான். கோட்டா மிச்சம் இருக்கும்போதே ராத்திரி ஏழிலிருந்து பத்துக்குள் இழுத்தால், அது டவரில் கூட்டம்.

குரல் விட்டுவிட்டுக் கேட்பது வேறு கதை. கவனித்திருப்பீர்கள், மேனேஜர் பேசுவது உங்களுக்குப் பெரும்பாலும் நன்றாகத்தான் கேட்கும். டவர் தன் பக்கத்திலிருந்து இருபது, நாற்பது வாட் சக்தியில் அனுப்புகிறது. உங்கள் போன் திருப்பி அனுப்புவது அதிகபட்சம் 0.2 வாட். அந்தச் சின்ன சக்தி உங்கள் வீட்டுச் சுவரையும் கான்கிரீட் கூரையையும் தாண்டி டவர் வரை போய்ச் சேர வேண்டும். அதனால் முதலில் தடுமாறுவது நீங்கள் அனுப்பும் பக்கம்தான். ஸ்பீடு டெஸ்ட்டில் பெரிய எழுத்தில் வரும் எண்ணோ டவுன்லோடு. 40 எம்பிபிஎஸ் என்று காட்டும், உங்களுக்கும் திருப்தியாக இருக்கும், அங்கே மேனேஜர் “ஹலோ, ஹலோ” என்பார்.

குரலுக்கு வேகம் அதிகம் வேண்டாம், நூறு கேபிபிஎஸ் போதும். வேண்டியது சீரான வரத்து. நீங்கள் பேசுவதைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாக நறுக்கி, நொடிக்கு ஐம்பது என்ற கணக்கில் மீட்டிங் மென்பொருள் அனுப்புகிறது. ஒரு பொட்டலம் கொஞ்சம் தாமதமாக வந்தால் சமாளிக்கும். ரொம்பத் தாமதமானால் வந்ததையும் தூக்கிப் போட்டுவிடும், ஏனென்றால் அந்தச் சொல்லுக்கான நேரம் கடந்துபோயிற்று. அங்கேதான் உங்கள் குரலில் ஓட்டை விழுகிறது. இதை நீங்களே அளந்து பார்க்கலாம். கம்பெனி விபிஎன்னை நிறுத்திவிட்டு, லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து இதை அடியுங்கள்:

```
ping -n 100 8.8.8.8
```

ஒன்றரை நிமிஷத்துக்குமேல் ஓடும். கடைசியில் எத்தனை தொலைந்தது, மிகக் குறைவு எவ்வளவு, மிக அதிகம் எவ்வளவு, சராசரி எவ்வளவு என்று மில்லி செகண்டில் காட்டும். சராசரியை விட்டுவிடுங்கள், அது ஏமாற்றும். பார்க்க வேண்டியது Lost என்ற எண்ணையும் Maximum என்ற எண்ணையும். ஆற்காட்டில் ஒரு வீட்டில் ஒரே மேஜையில் உட்கார்ந்து இரண்டையும் அளந்தேன். ஃபைபரில் குறைவு 9, அதிகம் 16, தொலைந்தது எதுவும் இல்லை. ஹாட்ஸ்பாட்டில் குறைவு 41, அதிகம் 730, தொலைந்தது 3. சராசரி 88 தான், கேட்பதற்கு மோசமில்லை. ஆனால் நடுநடுவே 730 வரை தாவுகிற லைனில் குரல் சீராகப் போகாது.

அடுத்து, அதே லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அந்த அக்கா வீட்டுக்குப் போய், ராத்திரி எட்டு மணிக்கு இதே சோதனையை அவர் ஃபைபரில் ஓட்டிப் பாருங்கள். தெருவே சீரியல் பார்க்கும் நேரம் அது. அப்போதும் அதிகபட்சம் 50, 60-க்குள் நின்று, ஒன்றும் தொலையாமல் இருந்தால் கேபிள்காரரின் லைன் நல்ல லைன். அவர் வாயால் சொல்வதைவிட இது நம்பகமானது.

சரி, இப்போது கரண்ட் விஷயம்.

ஃபைபர் கம்பியில் போவது வெளிச்சம். கேபிள்காரரின் அறையில் ஓஎல்டி என்ற பெட்டி இருக்கும், அதிலிருந்துதான் அந்த வெளிச்சம் கிளம்புகிறது. வழியில் கம்பத்தில் தொங்கும் சின்ன டப்பாவுக்குள் ஸ்ப்ளிட்டர் என்ற கண்ணாடிச் சாமான் இருக்கும். அது ஒரு வெளிச்சத்தை எட்டாக, பதினாறாக, முப்பத்திரண்டாகப் பிரிக்கும். அதற்குக் கரண்டே வேண்டாம். கடைசியில் உங்கள் வீட்டு மோடம். ஆக, ஒழுங்கான ஃபைபரில் கரண்ட் தேவைப்படுவது இரண்டே இடம்: அவர் அறையும் உங்கள் வீடும். நடுவில் தெருவே இருட்டானாலும் வெளிச்சம் போய்க்கொண்டிருக்கும்.

ஆனால் நம் ஊர்களில் ஃபைபர் என்ற பெயரில் இன்னொரு வகையும் ஓடுகிறது. கேபிள்காரர் ஃபைபரைத் தெருமுனை வரைதான் கொண்டுவருவார். அங்கே ஒரு இரும்புப் பெட்டியில் ஸ்விட்ச் வைத்து, அங்கிருந்து வீடு வீடாகச் சாதாரண லேன் கேபிளை இழுத்துவிடுவார். அந்தப் பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். பக்கத்தில் உள்ள ஏதாவது ஒரு கடையிலிருந்து ஒரு வயர் போட்டு எடுத்திருப்பார். தெருவில் கரண்ட் போனால் பெட்டி அணையும், அத்தனை வீட்டிலும் நெட் போகும். உங்கள் வீட்டில் எவ்வளவு பெரிய இன்வெர்ட்டர் இருந்தாலும் பயன் இல்லை.

நான் சொன்ன ஆற்காட்டு வீட்டில் நடந்ததே இதுதான். பெங்களூர் கம்பெனிக்கு ராத்திரி ஷிஃப்ட் வேலை பார்ப்பவர். நெட்டுக்காகவே 150 ஏஹெச் பேட்டரியோடு இன்வெர்ட்டர் வாங்கிப் போட்டிருந்தார். தினமும் ஒன்பதரை மணிக்கு நெட் போகும், காலையில் ஒன்பதுக்கு வரும். கரண்ட் போவதே இல்லை, ஆனாலும் போகும். வீட்டுக்குள் எல்லாவற்றையும் பார்த்தேன், குறை ஒன்றும் இல்லை. கடைசியில் கேபிளைப் பிடித்துக்கொண்டு தெருவோடு நடந்தேன். நாலு வீடு தள்ளி ஒரு தையல் கடை. கடைக்கு மேலே கம்பத்தில் பெட்டி, பெட்டியிலிருந்து ஒரு மஞ்சள் வயர் ஜன்னல் வழியாகக் கடைக்குள் போகிறது. தையல்காரர் ராத்திரி கடை சாத்தும்போது பொறுப்பாக மெயினை ஆஃப் செய்துவிட்டுப் போவார். அவர்மேல் என்ன தப்பு? அந்த வயர் எதற்கு என்று யாரும் அவரிடம் சொன்னதே இல்லை. அந்த வீட்டுக்காரர் பிறகு வேறு கம்பெனியின் நேரடி ஃபைபருக்கு மாறினார். மேலே சொன்ன 9, 16 என்ற கணக்கு அதில் எடுத்ததுதான்.

அதனால் அக்கா வீட்டுக்குப் போகும்போது, வெளியிலிருந்து உள்ளே வருவது என்ன என்று பாருங்கள். மெல்லிய கம்பி வந்து, நுனியில் பச்சை நிறப் பிளாஸ்டிக் தலையோடு மோடத்தின் அடியில் செருகியிருந்தால் அது நேரடி ஃபைபர். மோடத்தின் முகத்தில் PON, LOS என்று இரண்டு விளக்குகளும் இருக்கும். அப்படி இல்லாமல், கம்ப்யூட்டர் கடையில் கிடைக்கும் லேன் கேபிள் மாதிரி, கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் தலையும் உள்ளே எட்டுப் பித்தளை நிறப் பல்லும் உள்ள வயர் தெருவிலிருந்து நேராக வைஃபை பெட்டிக்குள் போனால் அது தெருப்பெட்டி வகை. அப்படி இருந்தால், பெட்டிக்குப் பேட்டரி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள், அந்த லைனை விட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் இடி இறங்கினால் அந்தச் செம்புக் கேபிள் வழியாகவே வீட்டு ரூட்டரும் சில சமயம் லேப்டாப்பின் லேன் போர்ட்டும் போயிருக்கின்றன. ஃபைபர் கண்ணாடி, அதில் மின்சாரம் ஏறாது.

பச்சைத் தலைதான் என்றால் அடுத்த கேள்வி அக்காவுக்கே: “அக்கா, கரண்ட் போகும்போது உங்க மோடத்துல விளக்கு எரியுதா?” அவர் வீட்டில் இன்வெர்ட்டரே இல்லாமல் இருக்கலாம். அல்லது இன்வெர்ட்டர் ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டும் இருந்து, மோடம் டிவி பக்கத்துப் பிளக்கில் இருக்கலாம். அப்படியானால் மோடம் அணைவதால்தான் நெட் போகிறது, லைனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நான் முதலில் ‘ஒன்றுமே இல்லை’ என்று சொன்ன காரணம் இது. பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

மோடத்துக்குக் கரண்ட் இருந்தும் நெட் போகிறது என்றால், அப்போது விளக்குகளைப் படியுங்கள். LOS சிவப்பாக மின்னினால் வெளிச்சமே வரவில்லை என்று அர்த்தம். கரண்ட் போன நேரத்தில் சிவப்பு வந்து, கரண்ட் வந்த சில நிமிஷத்தில் போய்விடுகிறது என்றால் கேபிள்காரர் அறையில் ஓஎல்டி அணைகிறது. கரண்ட் வந்த பிறகும் மணிக்கணக்காகச் சிவப்பாகவே இருந்தால் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. கரும்பு லோடு லாரி, ரோடு வேலை, மரக்கிளை வெட்டும்போது சேர்த்து வெட்டுவது, நம் பக்கத்தில் காரணம் இவைதான். PON பச்சையாக அசையாமல் எரிந்தும் நெட் மட்டும் இல்லையென்றால், அவர் அறை விழித்திருக்கிறது, அவருக்கு நெட் கொடுக்கும் கம்பெனியின் லைனில் கோளாறு.

அவர் அறையில் அணைகிறது என்பது சரிசெய்யக்கூடிய காரணம். சின்ன யுபிஎஸ் பத்து நிமிஷக் கரண்ட் கட்டைத் தாங்கும். உங்களுக்கு முக்கியமான நாள் அது இல்லை. மாதத்தில் ஒரு நாள் ஈ.பி.காரர்கள் துணைமின் நிலையப் பராமரிப்புக்கு நிறுத்துவார்களே, பெரும்பாலும் காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் நாலு ஐந்து வரை, பேப்பரில் முதல் நாளே ஊர் பெயரோடு போடுவார்கள், அந்த நாள்தான் பரீட்சை. எங்கள் வீட்டுக்கே நான் லைன் எடுத்தபோது, அந்த ஆபரேட்டர் “பேட்டரி இருக்கு சார், எட்டு மணி நேரம் நிக்கும்” என்றார். தொழிலில் இருந்துகொண்டே நான் அதை நம்பினேன். முதல் பராமரிப்பு நாளில் ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது, ஒன்பது நாற்பதுக்கு LOS சிவப்பானது. ஒரு வங்கிக் கிளையின் நெட்வொர்க் வேலையை வீட்டிலிருந்து செய்துகொண்டிருந்தேன், பாதியில் நின்றது. அறைக்குப் போய்ப் பார்த்தால் பேட்டரி இருக்கிறது, நாலு வருஷப் பழசு, தண்ணீர் ஊற்றியே பல மாதம் ஆகியிருந்தது. நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து சொன்ன பிறகுதான் மாற்றினார். நீங்கள் எடுப்பதற்கு முன்னால் ஒரு பராமரிப்பு நாள் வரட்டும். கேபிள்காரரின் இன்னொரு வாடிக்கையாளர், இன்வெர்ட்டர் உள்ளவராகப் பார்த்து, காலை பத்துக்கும் மதியம் இரண்டுக்கும் PON விளக்கைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டுக்கும் பச்சை என்றால் தைரியமாக எடுக்கலாம்.

உங்கள் வீட்டுக்குள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இன்வெர்ட்டர் இருந்தால் மட்டும் போதாது. கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் அந்த இமைப்பொழுதில் ஃபேன் நிற்காது, லைட் ஒரு கண் சிமிட்டும், மோடம் மட்டும் அணைந்து மறுபடி எழும். எழுந்து, வெளிச்சத்தைப் பிடித்து, பதிவாகி, நெட் வர இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். அதற்குள் விபிஎன் அறுந்து, திரும்ப ஓடிபி போட்டு உள்ளே நுழைவதற்குள் மீட்டிங் முடிந்துவிடும். ஒரு நாளில் நாலு தடவை கரண்ட் போய் வந்தால் நாலு தடவையும் இதே பாடு. பல இன்வெர்ட்டர்களின் பின்னால் யுபிஎஸ், ஈகோ என்று இரண்டு நிலை உள்ள சின்ன ஸ்விட்ச் இருக்கும். யுபிஎஸ் பக்கம் தள்ளினால் மாறும் நேரம் குறையும், மோடம் அணையாமல் தப்பும். அப்படி ஸ்விட்ச் இல்லையென்றால் மோடத்துக்கு மட்டும் ஒரு மினி யுபிஎஸ் வாங்கிவிடுங்கள், ஆயிரம் ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும்.

வாங்கும்போது மோடத்தின் அடாப்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு போங்கள். பெரும்பாலும் 12 வோல்ட். ஆம்பியர் 1, 1.5, 2 என்று மாறும். வோல்ட் அதேபோல இருக்க வேண்டும், ஆம்பியர் அடாப்டரில் உள்ளதற்குக் குறையக் கூடாது. பெட்டியில் 8,800 எம்ஏஹெச் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, 12 வோல்ட்டில் அவ்வளவு வராது. பெருக்கிப் பார்த்தால் 32 வாட் ஹவர் சொச்சம். மோடம் 8 வாட் எடுத்தால் கணக்குப்படி நாலு மணி நேரம், மாற்றுவதில் போகும் நஷ்டம் கழித்து மூன்று, மூன்றே கால். உங்களுக்கு இன்வெர்ட்டர் பின்னால் இருப்பதால் இதுவே தாராளம். மினி யுபிஎஸ்ஸை இன்வெர்ட்டர் லைன் பிளக்கில் செருகி, அதிலிருந்து மோடத்துக்குக் கொடுங்கள்.

லைன் போட வரும் பையனிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். மோடத்தை வாசல் பக்கம் மாட்டிவிட்டுப் போக விடாதீர்கள், நீங்கள் வேலை செய்யும் மேஜைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். லேப்டாப்புக்கு லேன் கேபிள் போட்டுவிட்டால் வைஃபை தொல்லையே இல்லை. அப்புறம், செருகுவதற்கு முன்னால் பவர் மீட்டரில் வெளிச்சம் எவ்வளவு வருகிறது என்று காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 15-க்கும் மைனஸ் 25-க்கும் நடுவில் இருந்தால் நல்லது. மைனஸ் 27-ஐத் தாண்டினால் இன்றைக்கு வேலை செய்யும், மழை பெய்து ஒரு இணைப்பு கொஞ்சம் கெட்டாலும் நின்றுவிடும். வாங்கிக்கொள்ளாதீர்கள், ஜாயிண்ட்டைத் திரும்ப அடிக்கச் சொல்லுங்கள். மிச்சக் கம்பியை ஜன்னல் கொக்கியில் இறுக்கிச் சுற்றுவார்கள். மடிந்த இடத்தில் வெளிச்சம் கசியும். டீ தம்ளர் வாயளவுக்குக் குறையாத வளையமாகச் சுற்றி விடட்டும்.

500 ரூபாய் என்றாரே, அது 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று கேளுங்கள். சேர்க்காமல் என்றால் கையிலிருந்து போவது 590. ஆறு மாதம் சேர்த்துக் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்பார், முதல் பராமரிப்பு நாளும் முதல் பெருமழையும் கடக்கும்வரை மாதாமாதமே கட்டுங்கள். வேகம் 30, 40 எம்பிபிஎஸ் உங்கள் வேலைக்கு நிறையவே போதும். அப்லோடும் அதே அளவா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஹாட்ஸ்பாட்டை விட்டுவிடச் சொல்லவில்லை. அது இனி உங்கள் மாற்று வழி. ஃபைபர் அறுந்தால் ஒட்டுவதற்கு ஆள் வந்து, மெஷின் வந்து, அரை நாள் ஆகும். அன்றைக்கு அது வேண்டும். அதற்கு இன்றே செய்ய வேண்டியவை கொஞ்சம் உண்டு. வைஃபையாகக் கொடுக்காமல் யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணையுங்கள், குரல் சீராகப் போகும், போன் சார்ஜும் ஏறும். விண்டோஸில் அந்த இணைப்பின் அமைப்புக்குள் Metered connection என்பதை ஆன் செய்துவிட்டால் பெரும்பாலான அப்டேட்டுகள் ஹாட்ஸ்பாட்டில் இறங்காமல் காத்திருக்கும். முகத்தை அணைத்துக் குரல் மட்டும் வைத்தால் ஒரு மணி நேர மீட்டிங்குக்கு 100 எம்பிகூட ஆகாது. அப்போது தினம் 2 ஜிபியே உங்களுக்கு மிஞ்சும்.

போனை எங்கே வைப்பது என்பதையும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள். ஆண்ட்ராய்டில் Settings, About phone, SIM status என்று போனால் Signal strength என்று மைனஸில் ஒரு எண் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே வீட்டைச் சுற்றி நடங்கள். கூடத்தில் மைனஸ் 110 காட்டும் போன், வடக்கு ஜன்னலில் மைனஸ் 95 காட்டலாம். மைனஸுக்குப் பின்னால் உள்ள எண் குறையக் குறைய நல்லது. 95-க்குள் வரும் இடத்தில் குரல் சீராகப் போகும், 110-ஐத் தாண்டினால் போகாது. நம்மைச் சுற்றி மலையும் பாறையும் இருப்பதால் பத்தடி தள்ளினாலே எண் மாறும். ஆனால் சித்திரை வைகாசியில் அந்த ஜன்னலில் வெயில் அடிக்கிறதா என்று பாருங்கள். சார்ஜும் ஏறி, நெட்டும் கொடுத்து, நம் ஊர் வெயிலும் பட்டால் போன் தன்னைக் காத்துக்கொள்ளச் சார்ஜை நிறுத்தும், வேகத்தையும் குறைக்கும். பேட்டரி உப்பிய போன்களை மே மாதத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். உறையைக் கழற்றி, நிழலில், ஃபேன் காற்று படும் இடத்தில் வையுங்கள்.

ஹாட்ஸ்பாட்டுக்கு ஒரு எல்லையும் உண்டு. கரண்ட் நீண்ட நேரம் இல்லாத நாளில் ஊரில் எல்லா வீட்டு வைஃபையும் அணைந்து, எல்லோரும் டவரில் ஏறுவார்கள். டவரின் பேட்டரியும் சில மணி நேரத்தில் இறங்கும். முழு நாள் கரண்ட் கட்டில் மதியத்துக்குமேல் ஹாட்ஸ்பாட் தள்ளாடுவது அதனால்தான். அந்த நாளில் தாக்குப்பிடிக்கப்போவது, பேட்டரி ஒழுங்காக உள்ள ஆபரேட்டரின் ஃபைபர்தான். நான் ஃபைபரை முதலில் சொன்னதற்கு முக்கியக் காரணமே இது.

ஒருவேளை அக்கா வீட்டில் இருப்பது தெருப்பெட்டி வகை, உங்கள் தெருவில் வேறு நேரடி ஃபைபரும் இல்லை என்றால், போனையே நம்பி இருக்காதீர்கள். மொட்டை மாடியில் வைக்கும் வெளி ஆன்டெனாவோடு வரும் 5ஜி இணைப்பு, ஏர்ஃபைபர் என்று விற்கிறார்கள், அதைக் கேட்டுப் பாருங்கள். சிக்னலைச் சுவருக்கு வெளியிலேயே பிடிப்பதால் போனைவிடச் சீராக இருக்கும், தினசரி 2 ஜிபி எல்லையும் இல்லை. எடுக்கும் முன் மொட்டை மாடியில் நின்று அதே கம்பெனி சிம்மோடு அந்த ping சோதனையை ராத்திரி எட்டு மணிக்கு ஓட்டுங்கள். அங்கேயே அதிகபட்சம் 300, 400 என்று தாவினால், வீட்டுக்குள் ஆன்டெனா வயர் இழுத்தும் அது மாறாது.

முதல் வேலை அக்கா வீட்டுக்குப் போவது. பச்சைத் தலையா லேன் கேபிளா, கரண்ட் போனபோது எந்த விளக்கு எரிந்தது, எட்டு மணிச் சோதனையில் Lost எவ்வளவு Maximum எவ்வளவு. இந்த நாலையும் ஒரு தாளில் குறித்து எனக்கு எழுதுங்கள். அந்தக் கேபிள்காரரிடம் என்ன கேட்க வேண்டும் என்று வரி வரியாக எழுதித் தருகிறேன்.